ஏணி எண்ணெயின் மூக்கு

எங்கள் மருந்தெண்ணெய்ப் பெட்டியில் ஒரு பெயர் அச்சிட்டிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. பெட்டியில் சுவரில் சாய்த்துவைத்த ஏணியின் படம் உண்டு. அதனால் தமிழர் கடைகளில் அது ஏணி எண்ணெய், மலாய்க்காரர் கடைகளில் மிஞ்ஞாக் தங்கா. சீன மருந்துக்கடைகளில் இரண்டு விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக் காட்டினால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். தலைவலி, வயிற்று உப்புசம், கொசுக்கடி, பேருந்தில் குமட்டல் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நிறுவனத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். எண்ணெயைக் கலந்து புட்டியில் அடைப்பது பாலத்துக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில். அலுவலகம் தீவில், ஜார்ஜ்டவுனில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். அங்கே ஜன்னலோரம் எனக்கு ஒரு மேசை, ஒரு கழுவுதொட்டி, இரண்டு கருவிகள். வேதியியல் படித்தவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு பேட்ச் எண்ணெய்க்கும் நான் பார்க்க வேண்டியவை நான்கு: நிறம், அடர்த்தி, ஒளிவிலகல் எண், வெளி ஆய்வகத்திலிருந்து வரும் மெந்தால் கற்பூர அளவு. நான்கும் சரியென்றால் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் இருக்கும். அது முதலாளிக்கு.

முதலாளிக்கு அறுபத்தெட்டு வயது. நான் அவரை அங்கிள் என்று கூப்பிடுவேன். பாலத்தைக் கடந்து வேன் சாம்பிளைக் கொண்டுவரும் நாட்களில் காலை ஒன்பதரைக்கு மாடிக்கு வருவார். இடது புறங்கையில் ஒரு சொட்டு விடுவார். உடனே ஒரு முறை முகர்வார், கோப்பி வந்ததும் ஒரு முறை, கோப்பியைக் குடித்து முடித்ததும் ஒரு முறை. முதலில் வருவது மெந்தால், அடுத்தது கிராம்பு, கடைசியில் தங்குவது ஜாதிக்காய். மூன்றும் அந்த வரிசையில் வர வேண்டும். அவர் தலையாட்டினால்தான் பேட்ச் வெளியே போகும். பெட்டியின் பக்கவாட்டில் மூன்று மொழிகளிலும் ஒரு வரி உண்டு: ஒவ்வொரு பேட்சும் எங்கள் குடும்பத்தார் முகர்ந்து பார்த்து அனுப்பியது. கீழே அவருடைய அப்பாவின் கையெழுத்து.

கோலாலம்பூரில் விளம்பர வேலை பார்த்த அவருடைய மகள் திரும்பி வந்து விற்பனையை எடுத்துக்கொண்டார். நான் அவரை அக்கா என்பேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். தினமும் ஒரே மேசையில்தான் மதியச் சாப்பாடு. அவர் வீட்டிலிருந்து சோறு வரும், நான் கீழே போய் இரண்டு பேருக்கும் ஏதாவது ஒரு கறி வாங்கி வருவேன்.

வந்த புதிதிலேயே அக்கா என்னை ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் எண்ணெயை விற்கும் மருந்துக்கடைத் தொடர் ஒன்றின் கொள்முதல் அதிகாரியைப் பார்க்க. அவரும் தமிழ்ப் பெண்தான், என் வயதுதான் இருக்கும். கணினியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க எண்ணெய வாங்குறவங்க எல்லாம் வயசானவங்கதான். இளசுங்க எடுத்து மோந்து பார்ப்பாங்க, திரும்ப வெச்சிடுவாங்க. மலாய்ப் பிள்ளைங்க 'பாவ் அத்தோக்'ன்னு சொல்லும், சீனப் பிள்ளைங்க 'ஆ கோங்'ன்னு சொல்லும். எங்க வீட்டுல நானே தாத்தா வாசம்னுதான் சொல்றேன்."

"மூணு மொழியிலயும் ஒரே திட்டு," என்றார் அக்கா. "ஒற்றுமையா இருக்காங்க."

அதிகாரி சிரித்தார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். அலமாரியில் எங்களுக்கு இனி ஓர் இடம்தான். புதிதாக எதையாவது கொண்டுவந்தால் அந்த இடத்தில் வைப்பார். பழையதும் புதியதும் சேர்ந்து நிற்க இடமில்லை. ஒன்றும் கொண்டுவராவிட்டால் அடுத்த சீரமைப்பில் அந்த இடமும் போகும்.

படகில் திரும்பும்போது அக்கா சொன்னார்: "வாசனைய மாத்திடலாம். வாயில உருளை போட்ட, அப்படியே தேய்க்கிற சின்னப் புட்டி, லேசான வாசம், ஏணி மட்டும் இருக்கட்டும். அப்பாவ வீடியோல வைக்கிறேன். எந்த பிராண்டுல இன்னும் ஒரு மனுஷன் உக்காந்து ஒவ்வொரு பேட்சையும் மோந்து பாக்குறார், சொல்லு? நம்மகிட்ட மட்டும்தான்."

வாசனையை மாற்றினால் அது புதிய மருந்தாகிவிடும், மறுபடி பதிவு செய்ய வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று சொன்னேன். புட்டியை மட்டும் மாற்றினாலும் அனுமதி வேண்டும், எண்ணெய் அந்தப் புட்டியில் கெடாமல் இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதையும் சொன்னேன். அக்கா இரண்டுக்கும் இப்போதே தாள்களைத் தயாரிக்கச் சொன்னார். நான் பட்டியல் போட்டேன்.

சோதனையை கெலுகோரில் வைத்தேன். மாணவர்கள் தங்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்தோம். ஐந்து கலவைகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று இலக்க எண், காகிதக் கீற்றில் ஒரு சொட்டு. பிராண்டைச் சொல்லவில்லை, புட்டியைக் காட்டவில்லை. முகர்ந்துவிட்டு மனத்தில் தோன்றும் முதல் சொல்லை எழுதச் சொன்னேன். நான்கு கலவைகள் நான் புதிதாகச் செய்தவை. ஐந்தாவது கடையிலிருந்து வாங்கிய எங்கள் பழைய எண்ணெய்.

பழைய எண்ணெய்க்கு வந்த சொற்கள்: ஆஸ்பத்திரி, தாத்தா, சாவு வீடு, பூச்சி உருண்டை, மறுபடி ஆஸ்பத்திரி. என் 417க்கு வந்தவை: ஸ்பா, எலுமிச்சை, சுத்தம். அக்கா அந்தத் தாளைப் படம் எடுத்துத் தன் கைப்பேசியின் முகப்பில் வைத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் மீதம் இருந்தது ஒன்று: அங்கிள் 417ஐ முகர்ந்து தலையாட்ட வேண்டும். அவர் சரியென்றால், பதிவு கிடைத்ததும் ஏணி எண்ணெய் என்ற பெயரில் அதுதான் வெளியே போகும். பழையது நின்றுவிடும்.

அன்று நான் செய்த தவறு சிறியது. சோதனைக் குப்பிகள் வைக்கும் மரத்தாங்கியைக் கழுவித் துடைத்துவிட்டு எதிர்ப்பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். இடது கோடியில் 417 இருக்கும் என்று நினைத்து, பார்க்காமல் எடுத்தேன். அங்கே இருந்தது ஒப்பிடுவதற்காகச் செய்து வைத்திருந்த வெறும் கலவை. மணமில்லாத எண்ணெயில் மெந்தாலும் கற்பூரமும் மட்டும். கிராம்பு இல்லை, ஜாதிக்காய் இல்லை, எலுமிச்சை இல்லை.

அங்கிள் புறங்கையில் விட்டார். முகர்ந்தார். கோப்பி வந்தது. முகர்ந்தார். குடித்து முடித்து, மூன்றாம் முறை முகர்ந்தார்.

"லேசாத்தான் இருக்கு," என்றார். "ஆனா பின்னால ஜாதிக்காய் வருது பாரு. நம்மதுதான். பரவால்ல, போடலாம்."

"அப்பா, நெஜமாவா?" அக்கா அவருடைய தோளைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க சண்டை போடுவீங்கன்னு நெனைச்சு ரெண்டு நாளா பேச்சு தயார் பண்ணி வெச்சிருந்தேன்!"

"அந்தப் பேச்ச வீடியோல பேசு."

இரண்டு பேரும் கீழே போனார்கள். நான் குப்பியை மூடும்போது விரலில் பட்டது. முகர்ந்தேன். எண்ணைப் பார்த்தேன். மறுபடி முகர்ந்தேன். ஜாதிக்காய் வர வழியே இல்லை. மெந்தாலின் குளிர்ச்சி மட்டும் மூக்கில் ஏறியது. அந்தக் குளிர்ச்சி வாசனை அல்ல. அதை உணர்வது வேறு நரம்பு. முகரும் சக்தி முற்றிலும் போனவருக்கும் அது தெரியும்.

கொரோனா காலத்தில் அங்கிள் இரண்டு வாரம் காய்ச்சலில் படுத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த எல்லாக் காகிதங்களிலும் இரண்டாவது கட்டத்தில் அவருடைய கையெழுத்து இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து கழுவுதொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. கை மரத்துப்போனால் அது இருக்கும் இடம் தெரியும், ஆனால் நம்முடையது போலத் தெரியாது. அப்படித்தான் இருந்தது. அடுத்த மூன்று வாரமும் அப்படியே போயிற்று.

ஒவ்வொரு பேட்சிலிருந்தும் இரண்டு புட்டிகளைத் தனியே எடுத்து, பின்னாளில் ஏதாவது புகார் வந்தால் பார்ப்பதற்காக, பூட்டிய அலமாரியில் வைத்திருப்போம். அவருடைய காய்ச்சலுக்கு முந்தைய புட்டிகளையும் பிந்தையவற்றையும் எடுத்து வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு நாளும் நான்கு மட்டும் முகர்ந்தேன், அதற்கு மேல் மூக்கு களைத்துவிடும். காய்ச்சலுக்குப் பின் ஓர் ஆண்டுவரை வேறுபாடு இல்லை. அதற்கு அடுத்த பேட்சிலிருந்து ஜாதிக்காய் பாதியாகக் குறைந்திருந்தது. அது குறைந்ததால் கற்பூரம் முன்னால் வந்து நின்றது. மெந்தால், கற்பூரம், அடர்த்தி எல்லாம் வரம்புக்குள்தான். நான் பார்க்கும் நான்கில் எதுவும் ஜாதிக்காயைப் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும் கருவி அவருடைய மூக்காக இருந்தது.

கொள்முதல் கோப்பில் காரணம் இருந்தது. தீவின் மறுபக்கத்தில், பாலிக் புலாவில் எங்களுக்கு ஜாதிக்காய் எண்ணெய் வடித்துக் கொடுத்தவர் வயதாகி நிறுத்திவிட்டார். அதன்பின் ஓர் இறக்குமதியாளரிடம் வாங்கினோம். அவருடைய முதல் சாம்பிளின் காகிதத்தில் அங்கிளின் எழுத்து: வாசம் நன்று.

புகார் புத்தகத்தையும் எடுத்தேன். அந்த பேட்சிலிருந்து புகார்கள் கூடியிருந்தன. புகார் சொன்னவர்கள் எல்லோரும் பழைய வாடிக்கையாளர்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா போன் செய்து, "ஏணி முந்தி மாதிரி இல்லலா, தண்ணி கலக்குறீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே பதில் என்ற இடத்தில் என் கையெழுத்தில் நானே எழுதியிருந்தேன்: அளவுகள் சரி. வயது காரணமாக வாடிக்கையாளரின் முகரும் உணர்வு குறைந்திருக்கலாம்.

அதற்கும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரிந்தது. கெலுகோரில் மாணவர்களுக்கு நான் கொடுத்தது கெட்டுப்போன ஏணி. அவர்கள் வெறுத்தது பழைய எண்ணெயை அல்ல.

அக்காவிடம், முடிவுகளைச் சரிபார்க்க இன்னொரு சிறிய சோதனை வேண்டும் என்று மட்டும் சொல்லி, அதே அறையில் வேறு மாணவர்களை வைத்து மறுபடி செய்தேன். இந்த முறை காய்ச்சலுக்கு முந்தைய பேட்ச் ஒன்று, இப்போதைய பேட்ச் ஒன்று, 417. இப்போதையதற்கு மறுபடி ஆஸ்பத்திரி. முந்தையதற்குத் தாத்தா என்று எழுதியவர்களும் இருந்தார்கள். ஆனால் தாள்களில் பாதிக்கு மேல் வேறொரு சொல் இருந்தது: ஜாதிக்காய் ஜூஸ். இந்தத் தீவின் சாப்பாட்டுக் கடைகளில் எல்லாம் கிடைக்கும் பானம். ஒரு சீனப் பெண் அதன் பக்கத்தில் ஐஸ் கட்டி போட்ட கிளாஸ் ஒன்றை வரைந்திருந்தாள். 417க்குப் போன முறை போலவே ஸ்பா, எலுமிச்சை. சோதனை முடிந்ததும் ஒரு பையன் கேட்டான்.

"அக்கா, இந்த ஜூஸ் வாசம் வர்றது எங்க விக்கிறாங்க?"

"எதுக்குத் தம்பி?"

"நைஸ்லா. ஸ்பா வாசம் வர்றது ஆயிரம் இருக்கு."

அந்தத் தாள்களையும் அலமாரிப் புட்டிகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு அங்கிளிடம் போனேன். அக்கா வெளியே போயிருந்த நேரம். வீடியோ எடுக்க நான்கு நாள் இருந்தது. நடந்ததை வரிசையாகச் சொன்னேன்: தாங்கியைத் திருப்பியது, வெறும் கலவை, மூன்று முறை முகர்ந்தது.

"வாசம் திரும்ப வந்துடும்னு டாக்டர் சொன்னாரு," என்றார் கடைசியில். "ஆறு மாசம்னாரு. கோப்பி குடிக்கிறப்ப சூடு தெரியும், இனிப்பு தெரியும். அவ்வளவுதான். சாம்பிராணி போட்டா புகை கண்ணுல பட்டாத்தான் தெரியும்."

"ஏன் அங்கிள் சொல்லல?"

"யார்கிட்ட? பெட்டியில என்னா எழுதியிருக்கு? என் மூக்கு போச்சுன்னா ஏணி போச்சு. உன் நம்பர் எல்லாம் சரியா வந்துச்சு. நீ போட்ட கையெழுத்தப் பாத்துத்தான் நான் போட்டேன்."

அவருடைய கையெழுத்து எனக்குப் பின்னால் ஒரு காவல் என்று நான் நினைத்திருந்தேன். என்னுடையதைப் பற்றி அவரும் அப்படியே நினைத்திருக்கிறார்.

"மூணு பேர வெச்சு முகர்ந்து பார்க்கலாம்," என்றேன். "பழைய பேட்ச் புட்டிய அளவுகோலா வெச்சுக்கலாம். ஜாதிக்காய் எண்ணெய்க்குத் தனி டெஸ்ட் உண்டு, வெளிய அனுப்பலாம். பழைய வாசனையவே கொண்டு வந்துடலாம் அங்கிள். பதிவு மாத்த வேண்டியதில்ல, புட்டிக்கு மட்டும் அனுமதி போதும். 417 வேணாம்."

"வீடியோ?"

"அத நீங்கதான் அக்காகிட்ட சொல்லணும்."

அவர் பட்டியலை மடித்து எனக்கே திருப்பிக் கொடுத்தார். "சொல்றேன்," என்றார். மூன்று நாள் சொல்லவில்லை. நானும் மூன்று நாள் அக்காவுடன் சாப்பிட்டேன். கணவாய் சம்பல் ஒரு நாள், கீரை ஒரு நாள். மூன்றாம் நாள் என்ன சாப்பிட்டோம் என்று நினைவில்லை.

நான்காம் நாள் காலை மாடியில் விளக்குகள் வைத்தார்கள். படம் பிடிக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். அக்கா அப்பாவின் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்து, கையில் புட்டியைக் கொடுத்தார். "மூணு தடவை, எப்பவும் போல. கேமராவ பாக்காதீங்க."

அங்கிள் புட்டியைத் திறக்கவில்லை. மேசையில் வைத்தார்.

"கொஞ்சம் வெளிய இருக்கீங்களா தம்பி, அஞ்சு நிமிஷம்," என்று படக்காரர்களிடம் சொன்னார். அவர்கள் படியில் போய் நின்றார்கள். நானும் எழுந்தேன். "நீ இரு," என்றார். பிறகு மகளிடம் சொன்னார். நான்கைந்து வாக்கியங்கள்தான். காய்ச்சல், டாக்டர், இறக்குமதி எண்ணெய், பெட்டியில் இருக்கும் வரி.

அக்கா முதலில் சிரித்தார். பிறகு புட்டியைத் திறந்து அவருடைய மூக்குக்கு நேராகப் பிடித்தார். "இது? அப்பா, இது?" அவர் தலையை ஆட்டினார். இல்லை என்பதற்கு.

"எப்போலேர்ந்து சரக்கு தப்பு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் பட்டியலைக் கொடுத்தேன். பேட்ச் எண்கள், மாதங்கள், அலமாரியில் மீதமுள்ளவை, இரண்டாவது சோதனையின் சொற்கள் எல்லாம் அதில் இருந்தன. அவர் கடைசிவரை படித்தார். நல்ல பட்டியல்தான். மேலே வலது ஓரத்தில், என் வழக்கப்படி, தொடங்கிய தேதியையும் போட்டிருந்தேன்.

"இது மூணு வாரத்துக்கு முந்தின தேதி."

"ஆமா அக்கா. உறுதியாத் தெரிஞ்ச பிறகு சொல்லலாம்னு..."

"மூணு வாரம் என் எதுத்தாப்புல உக்காந்து சோறு சாப்பிட்ட."

அங்கிள், "அவள விடு, தப்பு என்னுது," என்றார். அக்கா படிக்குப் போய், இன்று படம் பிடிக்க வேண்டாம் என்று சொல்லிப் படக்காரர்களை அனுப்பினார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நன்றாகவே செய்தார். 417ஐ நிறுத்தினார். பாலிக் புலாவுக்கு என்னைக் கூட்டிப்போய், எண்ணெய் வடித்தவரின் மருமகனைப் பார்த்துப் பேசி மறுபடி வடிக்க வைத்தார். சிறிய கண்ணாடிப் புட்டி, எஃகு உருளை. பிளாஸ்டிக் உருளை எங்கள் எண்ணெயில் இளகிவிடும் என்று நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டார். பெட்டியின் முகப்பில் ஏணிக்குப் பக்கத்தில் வெட்டிய ஜாதிக்காய்ப் பழம் வந்தது. பக்கவாட்டில் இருந்த வரியையும் தன் தாத்தாவின் கையெழுத்தையும் எடுத்துவிட்டார். அனுமதி வர மாதங்கள் ஆயின. கொள்முதல் அதிகாரி புதிய புட்டியை முகர்ந்து பார்த்து, "ஐயோ, ஜூஸ் மாதிரி இருக்கு," என்று சொல்லி, அந்த ஓர் இடத்தைச் சோதனை முறையில் கொடுத்தார். விற்கிறது. பிரமாதமாக இல்லை. எடுத்து முகர்ந்தவர்கள் எல்லோரும் திரும்ப வைத்துவிடுவதில்லை, அவ்வளவுதான்.

பேட்ச் காகிதத்தில் இப்போது மூன்று பேருக்குக் கட்டம் உண்டு. தன்னுடைய கட்டத்தை நீக்கும் தாளில் அங்கிள் கையெழுத்துப் போட்டபோது நான்தான் பேனா கொடுத்தேன். மாடிக்கு அவர் இப்போது வருவதில்லை. மூன்று பேரில் ஒருவர் அக்கா, ஒருத்தி நான், இன்னொருவர் எண்ணெய் கலப்பவர். முகரும்போது மற்றவர் எழுதியதைப் பார்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான். அக்கா தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவார். எழுதி முடித்ததும், "உன்னுது?" என்பார். நான் காட்டுவேன். பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். பிறகு அவர் கீழே போய்ச் சாப்பிடுவார். அவர் வந்த பிறகு நான் போவேன்.